ஐந்திலிருந்து ஏழு வேலை நாட்கள், எந்த நாளிலிருந்து?

2024 செப்டம்பர் 7, விநாயகர் சதுர்த்தி. காலையில் கொழுக்கட்டை வேகும் நேரத்தில் என் போனுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. இரண்டு நாளைக்கு முன்னால் ஒரு ஆன்லைன் கடையில் பிரஷர் குக்கர் வாங்கியிருந்தேன். அந்தக் கடை அனுப்பிய மன்னிப்புக் கடிதம் அது. ஆங்கிலத்தில் இருந்தது. ஏறக்குறைய இப்படித் தமிழாக்கலாம்:

"அன்புள்ள வாடிக்கையாளரே, உங்கள் நம்பிக்கையே எங்கள் பெருமை. ஒரு தொழில்நுட்பக் கோளாறு காரணமாக எங்கள் வாடிக்கையாளர்கள் சிலருக்கு இருமுறை கட்டணம் வசூலாகியிருக்கக் கூடும். ஏற்பட்ட சிரமத்துக்கு மிகவும் வருந்துகிறோம். கூடுதல் தொகை 5 முதல் 7 வேலை நாட்களில் திருப்பி அளிக்கப்படும். நீங்கள் எதுவும் செய்யத் தேவையில்லை. எங்கள் அன்பின் அடையாளமாக 100 ரூபாய் கூப்பன் ஒன்றை இணைத்துள்ளோம்."

கூப்பனைச் செலவழிக்க 999 ரூபாய்க்கு மேல் பொருள் வாங்க வேண்டும், அதுவும் 30 நாளுக்குள். கடிதத்துக்குப் பதில் எழுதலாம் என்று பார்த்தால், "இந்த முகவரிக்குப் பதில் அனுப்பாதீர்கள்" என்று கீழே சிறிய எழுத்தில் இருந்தது.

முப்பது வருடத்துக்கு மேல் அரசாங்க ஆபீசில் பில் போட்டவன் நான். கடிதம் எழுதுவதும், வந்த கடிதத்தில் என்ன இல்லை என்று பார்ப்பதும்தான் என் பிழைப்பு. அந்தப் பழக்கத்தில் இதை மூன்று முறை படித்தேன். வருத்தம் நிறைய இருந்தது. தேதி மட்டும் இல்லை. பணத்தைப் பற்றிய மன்னிப்பில் தேதிதான் மன்னிப்பு, மற்றதெல்லாம் உறை மேல் ஒட்டிய தபால்தலை என்பது என் கட்சி. அதை எங்கள் தெருவில் நடந்ததை வைத்தே சொல்லிவிடுகிறேன்.

செப்டம்பர் 5, வியாழக்கிழமை சாயங்காலம். என்னோடு வேலை பார்த்துக் காலமான நண்பர் ஒருவரின் மனைவி எங்கள் தெருவிலேயே இருக்கிறார். எனக்கு அவர் அண்ணி. குடும்பப் பென்ஷனில் காலம் தள்ளுகிறவர். பண்டிகைத் தள்ளுபடியில் ஐந்து லிட்டர் குக்கர் 2,180 ரூபாய்க்குக் கிடைக்கிறது என்று நான்தான் அவரிடம் சொன்னேன். அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எனக்கு ஒன்று, அவருக்கு ஒன்று வாங்கினோம். நான் யு.பி.ஐ. மூலம் கட்டினேன். அவருக்கு யு.பி.ஐ. கிடையாது, டெபிட் கார்டுதான்.

எனக்குப் பின் போட்டதும் திரை சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு "கட்டணம் தோல்வி, மீண்டும் முயலுங்கள்" என்றது. மீண்டும் முயன்றேன், ஆர்டர் ஆனது. அண்ணியின் போனிலும் அதே கதை. ஓ.டி.பி. வந்தது, போட்டோம், தோல்வி. இன்னொரு ஓ.டி.பி. வந்தது, போட்டோம், வெற்றி. இரண்டாவது முறை அந்தப் பொத்தானை அமுக்கிய விரல் என்னுடையது. அரை மணி கழித்துத்தான் வங்கிக் குறுஞ்செய்திகள் வந்தன. எனக்கு இரண்டு 2,180, அவருக்கு இரண்டு 2,180.

இது எப்படி நடக்கிறது என்பதை எங்கள் ஆபீஸ் பாஷையிலேயே சொல்லலாம். நம் பணம் வங்கியை விட்டுக் கிளம்பிவிடுகிறது. ஆனால் "பணம் வந்தது" என்ற தகவல் கடையின் கணினிக்கு உடனே போய்ச் சேரவில்லை. தகவல் வரவில்லை என்பதைப் பணமே வரவில்லை என்று கணினி எடுத்துக்கொள்கிறது. மீண்டும் கட்டச் சொல்கிறது. நாம் கட்டுகிறோம். பிறகு முதல் தகவலும் வந்து சேர்கிறது. ஒரு ஆர்டருக்கு இரண்டு வரவு.

எங்கள் ஆபீசில் ஒரு பில் தொலைந்துபோனால் உடனே இன்னொரு பில் எழுதிவிட முடியாது. தொலைந்த பில்லுக்குப் பணம் எடுக்கப்படவில்லை என்று கருவூலத்திலிருந்து ஒரு சான்று வாங்க வேண்டும். நான்-டிராயல் சர்டிபிகேட் என்போம். அதை இணைத்தால்தான் டூப்ளிகேட் பில் பாஸாகும். பணம் கொடுத்து முடித்த வவுச்சரிலோ "பெய்ட் அண்ட் கேன்சல்ட்" என்று முத்திரை குத்துவோம். ஒரே வவுச்சர் மறுபடி யார் கைக்கும் போய்ப் பணமாகக் கூடாது என்பதற்காக. இதற்கெல்லாம் கணினி தேவைப்படவில்லை. ஒரு ரெஜிஸ்டரும் ஒரு ரப்பர் ஸ்டாம்பும் போதுமாக இருந்தது. கடையின் கணினி செய்ய வேண்டியதும் அதுதான். ஒரு ஆர்டருக்கு ஒரு எண். மறுபடி பணம் கேட்பதற்கு முன்னால், அந்த எண்ணுக்கு ஏற்கெனவே பணம் கிளம்பியதா என்று கேட்டுப் பார்ப்பது. கேட்காமலே "மீண்டும் முயலுங்கள்" என்று சொல்லும் கணினி, சான்று வாங்காமல் டூப்ளிகேட் பில் பாஸ் பண்ணும் கிளார்க். எங்கள் காலத்தில் அவனுக்கு மெமோ வந்திருக்கும்.

ஆகவே "தொழில்நுட்பக் கோளாறு" என்ற சொல்லிலேயே எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. இடி விழுந்த மாதிரி, யாருக்கும் சம்பந்தமில்லாமல் வந்துபோன ஒன்று என்று அது சொல்கிறது. "பணம் வந்ததா என்று பார்க்காமல் உங்களை மறுபடி கட்டச் சொல்லிவிட்டோம்" என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். எனக்கும் என் விரலின் மேல் இருந்த கோபம் குறைந்திருக்கும்.

இனி அந்த "5 முதல் 7 வேலை நாட்கள்". எந்த நாளிலிருந்து எண்ணுவது? நாங்கள் பணம் கட்டிய 5ஆம் தேதியிலிருந்தா? மெயில் வந்த 7ஆம் தேதியிலிருந்தா? அல்லது கடை எங்கள் பணத்தைத் திருப்பி அனுப்பப்போகும் நாளிலிருந்தா? கட்டிய நாளிலிருந்து என்றால், 6ஆம் தேதி ஒன்று. 7 சதுர்த்தி, 8 ஞாயிறு, இரண்டும் போயிற்று. 9, 10, 11, 12 என்று எண்ணினால் 12ஆம் தேதி வியாழக்கிழமை ஐந்து ஆகிறது. ஏழு என்று பார்த்தால், இடையில் 14ஆம் தேதி இரண்டாவது சனிக்கிழமை, வங்கி கிடையாது. 15 ஞாயிறு. அந்த வாரத்தில் மீலாது நபி விடுமுறை வேறு. மூன்றாவது கணக்கில் பார்த்தாலோ தேதியே இல்லை. கடை என்றைக்கு அனுப்புகிறதோ அன்றைக்குத்தான் எண்ணிக்கை தொடங்கும். தொடங்கும் நாள் சொல்லாத கெடு ஒரு கெடுவே இல்லை. கடன் வாங்கியவன் "ஒரு வாரத்தில் தருகிறேன்" என்று ஒவ்வொரு வாரமும் சொல்வதைப் போன்றது.

எனக்கு இதில் பெரிய நஷ்டம் இல்லை. அண்ணிக்கு இருந்தது. வாடகையும் மருந்தும் போக அந்தச் சமயம் அவர் கணக்கில் இருந்தது 6,100 ரூபாய். ஒரு குக்கருக்கு 2,180 போனாலும் 3,920 மிஞ்சும். மருத்துவக் காப்பீட்டுக்கு மாதா மாதம் 1,985 ரூபாய் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும்படி எழுதிக்கொடுத்திருந்தார். அதற்குத் தாராளமாகப் போதும். ஆனால் இரண்டு முறை போனதால் கணக்கில் நின்றது 1,740. காப்பீட்டுத் தவணை 8ஆம் தேதி. பணம் போதவில்லை, தவணை திரும்பிவிட்டது. வங்கி 250 ரூபாய் அபராதமும் அதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி.யும் சேர்த்து 295 ரூபாய் பிடித்தது.

8ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை என்பதைக் கவனியுங்கள். தானாகப் பிடிக்கும் இந்த ஏற்பாட்டுக்கு 2021 ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து ஞாயிறும் கிடையாது, பண்டிகையும் கிடையாது. எல்லா நாளும் நடக்கிறது. நம்மிடமிருந்து எடுக்க வருஷத்தில் 365 நாளும் வேலை நாள். நமக்குத் திருப்பிக் கொடுக்க மட்டும் விடுமுறை பார்த்து எண்ணுகிறார்கள்.

திங்கட்கிழமை காலை அண்ணி போனை எடுத்துக்கொண்டு வந்தார். "தம்பி, இன்சூரன்ஸ் பணம் போகலையாம். எனக்கு ஏதாவது ஆனா ஆஸ்பத்திரிக்காரன் சேத்துப்பானா?" என்று கேட்டார். மாதத் தவணைக்கு 15 நாள் சலுகைக் காலம் உண்டு, பாலிசி உடனே செத்துவிடாது என்று சொன்னேன். என் பணத்தில் 1,985ஐ அன்றைக்கே கட்டிவிட்டேன். ஆனால் அவர் முகத்தில் இருந்த பயம், "ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்ற வரியில் சேர்த்தி இல்லை. அந்தக் கடிதத்தை எழுதியவர்களுக்குச் சிரமம் என்றால் 2,180 ரூபாய் சில நாள் கைவிட்டுப் போவது. 6,100 ரூபாயில் மாதத்தை ஓட்டுகிறவருக்கு அது வேறு.

செவ்வாய்க்கிழமை 10ஆம் தேதி இரவு என் 2,180 ரூபாய் வந்துவிட்டது. அண்ணிக்கு வரவில்லை. ஒரே கடை, ஒரே நாள், ஒரே கடிதம். இதில் சூது ஒன்றும் இல்லை. யு.பி.ஐ.யில் திரும்பும் பணம் பெரும்பாலும் சீக்கிரம் வந்துவிடும். கார்டில் கட்டிய பணம் வந்த வழியே படியேறித் திரும்ப வேண்டும். கடை தன் பணப்பட்டுவாடா நிறுவனத்திடம் சொல்ல வேண்டும், அவர்கள் தங்கள் வங்கிக்கு, அந்த வங்கி கார்டு வலைப்பின்னலுக்கு, அங்கிருந்து நம் வங்கிக்கு. ஒவ்வொரு படியிலும் கட்டுக் கட்டாகத்தான் கணக்கு நகரும். நாள் பிடிக்கும் என்பது நியாயமே. அதனால்தான் எல்லோருக்கும் ஒரே வாக்கியம் எழுதியது தவறு என்கிறேன். யு.பி.ஐ.யில் கட்டியவர்களுக்கு ஒரு தேதி, கார்டில் கட்டியவர்களுக்கு ஒரு தேதி என்று இரண்டு கடிதம் போட்டிருக்கலாம். யார் எதில் கட்டினார்கள் என்பது அவர்கள் ஏட்டிலேயே இருக்கிறது.

அதே செவ்வாய்க்கிழமை பகலில் கடையின் உதவி எண்ணுக்குப் பேசினேன். ஒரு பெண் மிக மரியாதையாக, "ரீஃபண்ட் பிராசஸ் ஆகிவிட்டது சார்" என்றார். நான், "நல்லது அம்மா, அப்படியானால் ஏ.ஆர்.என். கொடுங்கள்" என்றேன்.

இந்த இடத்தை நண்பர்கள் குறித்துக்கொள்ளுங்கள். கார்டுக்குப் பணம் உண்மையிலேயே திருப்பி அனுப்பப்பட்டால் அதற்கு 23 இலக்கத்தில் ஒரு எண் பிறக்கும். அதுதான் ஏ.ஆர்.என். யு.பி.ஐ. என்றால் 12 இலக்க எண். இந்த எண் இருந்தால் நம் வங்கியில் கொடுத்துப் பணம் எங்கே நிற்கிறது என்று தேடச் சொல்லலாம். எண் இல்லை என்றால் பெரும்பாலும் பணம் இன்னும் கடையை விட்டே கிளம்பவில்லை என்று அர்த்தம். "பிராசஸ் ஆகிவிட்டது" என்பது எங்கள் ஆபீசில் "ஃபைல் மூவ் ஆகிவிட்டது" என்று சொல்வோமே, அந்த ஜாதி. எந்த மேஜையிலிருந்து எந்த மேஜைக்கு என்று கேட்டால்தான் விஷயம் வெளியே வரும்.

அந்தப் பெண்ணிடம் எண் இல்லை. கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். சொன்னபடியே 12ஆம் தேதி எண்ணை அனுப்பினார், அதற்கு அவருக்கு என் நன்றி. திருப்பி அனுப்பிய தேதியும் அதோடு இருந்தது: செப்டம்பர் 11. மன்னிப்புக் கடிதம் வந்தது 7ஆம் தேதி. நான்கு நாள் வருத்தம் மட்டும் பயணம் செய்திருக்கிறது, பணம் இருந்த இடத்திலேயே இருந்திருக்கிறது. அண்ணியின் கணக்கில் பணம் ஏறியது 18ஆம் தேதி புதன்கிழமை. கட்டிய நாளிலிருந்து பதின்மூன்று நாள்.

சட்டம் ஒன்றும் இல்லையா என்று கேட்பீர்கள். பாதி இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20ஆம் தேதி ஒரு சுற்றறிக்கை போட்டது. நம் கணக்கில் பணம் போய், கடைக்கு உறுதித் தகவல் போகாமல் இருந்தால், ஐந்து நாளுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாள் ஒன்றுக்கு 100 ரூபாய், நாம் கேட்காமலே கொடுக்க வேண்டும். அந்தச் சுற்றறிக்கையில் எனக்குப் பிடித்த விஷயம், எண்ணிக்கை தொடங்கும் நாள் எது என்று அதில் தெளிவாக இருக்கிறது. பரிவர்த்தனை நடந்த காலண்டர் தேதி. வேலை நாள் என்ற பேச்சு இல்லை.

ஆனால் அது தோல்வியடைந்த பரிவர்த்தனைக்கு. எங்கள் விஷயத்தில் தகவல் தாமதமாகவாவது கடைக்குப் போய், இரண்டு பணமும் கடையின் கைக்குச் சேர்ந்துவிட்டது. வங்கியின் கண்ணில் இரண்டுமே வெற்றி. அப்போது திருப்பித் தர வேண்டியவர் கடைக்காரர். 2020ஆம் வருடத்து மின்வணிக விதிகள் இதற்குப் பொருந்தும். ரிசர்வ் வங்கி குறித்த காலத்தில் அல்லது நியாயமான காலத்தில் திருப்பித் தர வேண்டும் என்கின்றன அவை. நியாயமான காலம் எத்தனை நாள் என்று எழுதவில்லை. ஆக, இந்த மாதிரித் தவறில் நமக்குப் பிடிமானம் கடைக்காரர் தரும் தேதி ஒன்றுதான். அதையும் அவர் தராவிட்டால் நாம் காற்றில் நிற்கிறோம்.

அதே விதிகளில் உபயோகமான இன்னொன்று இருக்கிறது. ஒவ்வொரு ஆன்லைன் கடையும் குறைதீர் அதிகாரி ஒருவரை வைத்து, அவர் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தன் தளத்தில் போட வேண்டும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தளத்தின் அடியில் சிறிய எழுத்தில் தேடினால் கிடைக்கும். அதற்கும் மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

அந்த அதிகாரிக்கு 19ஆம் தேதி அண்ணியின் பெயரில் ஒரு கடிதம் எழுதினேன். பழைய வழக்கப்படி பத்திக்கு நம்பர் போட்டேன். இந்தத் தேதியில் இவ்வளவு இருந்தது, நீங்கள் இரண்டு முறை எடுத்தீர்கள், ஒரு முறை எடுத்திருந்தால் இவ்வளவு இருந்திருக்கும், தவணை திரும்பியிருக்காது, ஆகவே 295 ரூபாய் உங்களைச் சேர்ந்தது. வங்கி ஸ்டேட்மெண்ட் இணைப்பு. மறுநாளே ஒப்புதல் வந்தது. பத்து நாள் கழித்து ஒரு பதில்: வருந்துகிறோம், எங்கள் கொள்கையில் இடமில்லை, இருந்தாலும் நல்லெண்ணத்தில் 300 ரூபாயைக் கடையின் வாலட்டில் போடுகிறோம்.

அண்ணியிடம் படித்துக் காட்டினேன். "அஞ்சு ரூபா கூடவே குடுக்கறாங்களே அண்ணி" என்று சொல்லிப் பார்த்தேன்.

"அவங்க கடைக்குள்ளயே செலவு பண்ற காசு எனக்கு எதுக்குத் தம்பி? போனது என் பேங்க் காசு. பேங்குக்கு வரட்டும்."

பென்ஷன் விதிகளைக் கரைத்துக் குடித்த நான் எழுதியிருக்க வேண்டிய வாக்கியம் அது. எழுதி அனுப்பினேன், ஆங்கிலத்தில்.

இந்த இடத்தில் என் பள்ளிக்கூடத்து ஞாபகம் ஒன்று வருகிறது. நான் படித்தது பிரெஞ்சில். தாமதமாக வந்த பையன் ஒருவன் "ழ மெக்ஸ்கியூஸ்" என்று சொல்லிவிட்டு உள்ளே நுழைந்தான். வாத்தியார் அவனை வாசலிலேயே நிறுத்திவிட்டார். அந்தச் சொல்லை அப்படியே பிரித்தால், "நான் என்னை மன்னித்துக்கொள்கிறேன்" என்று ஆகும். "உன்னை நீயே மன்னித்துக்கொண்டாயானால் எனக்கு இங்கே என்ன வேலை?" என்று கேட்டார். "ழ வூ ப்ரி த மெக்ஸ்கியூசே" என்று சொல்ல வேண்டும். என்னை மன்னிக்கும்படி உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை வாசலில் நிற்க வேண்டும். பேச்சு வழக்கில் எல்லோரும் முதலாவதைத்தான் சொல்கிறார்கள், பிரான்சிலும்கூட. ஆனால் பதில் அனுப்ப முடியாத முகவரியிலிருந்து வரும் மன்னிப்புக் கடிதத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த வாத்தியார் ஞாபகம்தான். கேட்டவர் வாசலில் நிற்கவில்லை. தன்னைத் தானே மன்னித்துக்கொண்டு, கூப்பனைக் கையில் திணித்துவிட்டு, உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார்.

குற்றம் மட்டும் சொல்லக் கூடாது. அந்தக் கடிதத்தில் ஒரு நல்ல வரி இருந்தது: "நீங்கள் எதுவும் செய்யத் தேவையில்லை." அதன் அருமை நம் வயதுக்காரர்களுக்குத் தெரிய வேண்டும். இதே மாதிரி மன்னிப்புக் கடிதத்தைத் திருடர்களும் அனுப்புகிறார்கள். இருமுறை பணம் போய்விட்டது, திரும்பப் பெற இதை அமுக்குங்கள், உங்கள் பின்னைப் போடுங்கள் என்று. யு.பி.ஐ.யில் பின் போடுவது பணம் அனுப்புவதற்குத்தான். வாங்குவதற்குப் பின் எப்போதும் வேண்டாம். திரும்பி வருகிற பணம் நம்மை ஒன்றும் கேட்காமல் வரும். உண்மையான கடையின் கடிதமும் திருட்டுக் கடிதமும் பார்வைக்கு ஒன்றுதான். நம்மை ஏதாவது செய்யச் சொல்கிறதா என்பதில்தான் பெரும்பாலும் வித்தியாசம் தெரியும். சந்தேகம் என்றால் கடிதத்தைத் தொடாமல் வங்கிக் கணக்கைத் திறந்து பாருங்கள். "தோல்வி" என்று திரை சொல்லும்போதும் அதேதான். மறுபடி அமுக்காமல் அரை மணி பொறுத்து, பணம் போயிருக்கிறதா என்று முதலில் கணக்கைப் பாருங்கள். நான் அன்றைக்கு அதைச் செய்யவில்லை.

எனக்கு அந்தக் கடிதத்தை எழுதும் வேலை கொடுத்திருந்தால் இப்படி எழுதியிருப்பேன்:

"அம்மா, 5.9.2024 அன்று நீங்கள் வாங்கிய குக்கருக்கு 2,180 ரூபாயை இரண்டு முறை வாங்கிவிட்டோம். முதல் முறை பணம் வந்ததைச் சரிபார்க்காமல் மறுபடி கட்டச் சொன்னது எங்கள் தவறு. இரண்டாவது 2,180 ரூபாயை நீங்கள் கட்டிய அதே கார்டுக்கு இன்று, 7.9.2024 அன்று, திருப்பி அனுப்ப உத்தரவு கொடுத்துவிட்டோம். அதன் எண்ணை அது கிடைத்ததும் அனுப்புகிறோம். 18ஆம் தேதிக்குள் வராவிட்டால் கீழே உள்ள எண்ணில் கூப்பிடுங்கள். இதனால் வங்கி அபராதம் ஏதும் விழுந்திருந்தால் ஸ்டேட்மெண்டைக் காட்டுங்கள், அதையும் தருகிறோம். நீங்கள் இப்போது எதுவும் செய்ய வேண்டாம். எங்களை மன்னிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்."

பாருங்கள், அதே 18ஆம் தேதிதான். ஒரு நாள்கூட அவசரப்படுத்தவில்லை. ஆனால் தேதி தெரிந்திருந்தால் 8ஆம் தேதித் தவணைக்குப் பணம் வராது என்பது 7ஆம் தேதியே அண்ணிக்குத் தெரிந்திருக்கும். என்னிடம் சொல்லியிருப்பார். சனிக்கிழமை இரவே 300 ரூபாயை அவர் கணக்கில் போட்டிருப்பேன். 1,740 என்பது 2,040 ஆகியிருக்கும். தவணை திரும்பியிருக்காது, அபராதமும் இல்லை, பயமும் இல்லை. சொல்லாமல் விட்ட ஒரு தேதியின் விலை 295 ரூபாய் என்று நான் கணக்கு எழுதுகிறேன்.

அக்டோபர் 9ஆம் தேதி அண்ணியின் வங்கிக் கணக்கில் 295 ரூபாய் வந்தது. கூடவே குறைதீர் அதிகாரியிடமிருந்து ஒரு மெயில். இரண்டே வரி. இவ்வளவு ரூபாய், இந்தத் தேதியில், இந்த எண்ணில் அனுப்பப்பட்டது. வருத்தம், அன்பு, நம்பிக்கை, கூப்பன் எதுவும் அதில் இல்லை.

அண்ணிக்கு அதைத் தமிழில் சொன்னேன். "மன்னிப்பு ஒண்ணும் கேக்கலியா?" என்றார்.

"இதுதான் அண்ணி அது" என்றேன்.